தீபாவளிச் சலுகையை யாருக்கு அனுப்புவது?

காஞ்சிபுரத்தில் ஒரு நடுத்தரப் புடவைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைத்தெருவில் ஒரு கடை, இணையத்தில் ஒரு விற்பனைத் தளம். பில் போடும்போது வாங்கியதும், ஆன்லைன் ஆர்டரில் வந்ததுமாக ஐந்தாறு வருடத்தில் 8,000 மின்னஞ்சல் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. கடையும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. சிக்கல்கள் மட்டும் எந்த ஜவுளிக் கடைக்கும் பொருந்துபவை.

தீபாவளி நெருங்குகிறது. “எல்லாருக்கும் இருபது பர்சென்ட் தள்ளுபடின்னு ஒரு மெயில் தட்டிவிடுப்பா” என்கிறார் முதலாளி. நோட்டீஸ் அடித்தால் காகிதச் செலவு உண்டு. மின்னஞ்சலுக்கு அது கிடையாது. அப்படியிருக்க, 8,000 பேருக்கும் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

அந்த 8,000 பேர் யார் என்று பார்த்தால் பதில் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் மகள் கல்யாணத்துக்காக பெங்களூரிலிருந்து வந்து பட்டு எடுத்துவிட்டு, அதன்பின் இந்தப் பக்கமே வராத குடும்பம் அதில் இருக்கிறது. இந்தத் தேதியில் ஆர்டர் கொடுத்தால் தீபாவளிக்குள் பார்சல் போய்ச் சேராத சிங்கப்பூர் வாடிக்கையாளர் இருக்கிறார். நேற்றுத்தான் முழு விலை கொடுத்து மூன்று புடவை எடுத்துப்போனவர் இருக்கிறார். அவருக்கு இன்று காலை தள்ளுபடிக் கடிதம் போனால், அடுத்த அரைமணியில் கடைக்கு ஒரு போன் வரும். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கும்.

இன்னொரு வகையினர் போன் செய்ய மாட்டார்கள். கடையின் பெயரே மறந்துபோனவர்கள் அவர்கள். கடிதத்தைப் பார்த்ததும் ‘ஸ்பாம்’ என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். கடைக்கு உண்மையான நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாகக் கடிதம் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயிலுக்கு அனுப்பும் கடிதங்களில் ஸ்பாம் புகார் 0.1 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது. ஆயிரத்துக்கு மூன்று. நம் கடையின் 8,000 கடிதங்களுக்கு 24 புகார் வந்தாலே அந்த எல்லை வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால், புகார் செய்தவருக்கு மட்டும் கடிதம் நிற்பதில்லை. கடையின் முகவரியிலிருந்து போவதெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. மாதம் ஒரு புடவை வாங்கும் நல்ல வாடிக்கையாளருக்கான கடிதமும் ஸ்பாம் பெட்டியில் விழத் தொடங்கும், அதுவும் தீபாவளி வாரத்தில். யாரோ 24 பேரின் எரிச்சலுக்கு விலை கொடுப்பது கடையை விரும்புகிற ஆயிரம் பேர்.

ஆகவே பட்டியலைப் பிரிப்பது என்றால், முதலில் யாருக்கு அனுப்பக்கூடாது என்று முடிவு செய்வது. அதைச் செய்து முடித்த பிறகுதான் யாருக்கு எதை அனுப்புவது என்ற கேள்விக்கு வரவேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பிரிப்பதற்கு எதை வைத்துக்கொள்வது? கடிதத்தைத் திறந்தவர், திறக்காதவர் என்று பிரிப்பதுதான் பழைய வழக்கம். மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கைப் பெரிதாகக் காட்டும். அதை இனி நம்புவதற்கில்லை. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. கடிதத்தில் உள்ள படங்களை, வாடிக்கையாளர் திறக்கிறாரோ இல்லையோ, ஆப்பிளின் கணினிகளே முன்கூட்டி எடுத்து வைத்துவிடும். படம் எடுக்கப்பட்டதைத்தான் மென்பொருள் ‘திறந்தார்’ என்று எண்ணுகிறது. ஐபோன் வைத்திருக்கும் ஒருவர் கடிதத்தைச் சீண்டாமலே, கணக்கில் தவறாமல் படிக்கும் ரசிகராகத் தெரிவார்.

கடையின் பில் புத்தகம் பொய் சொல்லாது. யார், எந்தத் தேதியில், எதை, எவ்வளவுக்கு வாங்கினார் என்பது அதில் இருக்கிறது. கடைசியாக எப்போது வந்தார், எத்தனை தடவை வந்தார், மொத்தம் எவ்வளவு செலவழித்தார் என்ற மூன்று கேள்விகளை வைத்து வாடிக்கையாளரை எடைபோடுவது, தபாலில் விலைப்பட்டியல் அனுப்பி வியாபாரம் செய்த காலத்திலிருந்தே உள்ள முறை. மூன்றில் முதல் கேள்விக்குத்தான் கனம் அதிகம். அண்மையில் வந்தவர் மறுபடி வருவார்.

பண்டிகைக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. போன தீபாவளிகளுக்கு வாங்கியவர்களை எடுக்கச் சொன்னால், கடைப் பையன் என்ன செய்வான்? அக்டோபர் மாத பில்களைப் பிரித்தெடுப்பான். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. அக்டோபரை மட்டும் எடுத்தால் 2023-இல் நவம்பர் முதல் பதினோரு நாட்களில், அதாவது கூட்டம் முண்டியடித்த நாட்களில், வாங்கியவர்கள் எல்லோரும் விட்டுப்போவார்கள். 2025-இல் செப்டம்பரிலேயே வந்து எடுத்துப்போன முன்யோசனைக்காரர்களும் விட்டுப்போவார்கள். பதிலுக்கு, தீபாவளி முடிந்து அக்டோபர் 25 அன்று ஏதோ ஒரு வளைகாப்புக்கு வாங்கியவர் தீபாவளி வாடிக்கையாளராகப் பட்டியலில் ஏறிவிடுவார்.

பொங்கல் சூரியனின் கணக்கில் வருவதால் ஆங்கிலத் தேதி அநேகமாக நகராது. ஆடித் தள்ளுபடிக்கும் அப்படியே. தீபாவளி நிலவின் கணக்கு. மூன்று நான்கு வாரம் முன்பின் நகரும். ரம்ஜான் வருடத்துக்குச் சுமார் பதினொரு நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். எனவே மாதத்தை வைத்துப் பிரிக்காமல், பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பிரிக்க வேண்டும். புடவைக் கடைக்கு 45 நாள் சரியாக இருக்கும். 2023-க்கு செப்டம்பர் 28 முதல், 2024-க்கு செப்டம்பர் 16 முதல், 2025-க்கு செப்டம்பர் 5 முதல். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பில்கள் எக்செல் தாளில் இருந்து, A வரிசையில் மின்னஞ்சலும் B வரிசையில் பில் தேதியும் இருந்தால் போதும். F2-இல் உள்ள வாடிக்கையாளர் 2025 தீபாவளிக்கு எத்தனை தடவை வாங்கினார் என்பதை இந்த ஒரு வரி சொல்லிவிடும்:

```
=COUNTIFS(A:A,F2,B:B,">="&DATE(2025,9,5),B:B,"<"&DATE(2025,10,20))
```

மற்ற இரண்டு வருடங்களுக்கும் தேதியை மாற்றி அடுத்தடுத்த கட்டங்களில் போட்டுக்கொள்ளலாம். மூன்று கட்டத்திலும் எண் இருந்து, ஆண்டின் மற்ற நாட்களில் பில்லே இல்லையென்றால், அவர் வருடத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்கு மட்டும் வருபவர்.

இப்படிப் பார்த்தபின் நம் கடையின் 8,000 இப்படி உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். 600 முகவரிகள் செல்லாதவை. பில் கவுண்டரில் அவசரத்தில் gmial.com என்று தட்டியவை, கைவிடப்பட்ட பழைய அலுவலக முகவரிகள் போன்றவை. 3,800 பேர் இரண்டு வருடமாக எதையும் வாங்கவில்லை, எந்தக் கடிதத்திலும் எந்த இணைப்பையும் தொடவில்லை. 1,500 பேர் தீபாவளிக்கு மட்டும் வருகிறவர்கள். 1,200 பேர் வருடம் முழுக்க வருகிறவர்கள். கடந்த ஒரு வருடத்தில் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தவர்கள் 400 பேர். வெளிநாட்டு முகவரிக்காரர்கள் 500 பேர்.

செல்லாதவற்றை நீக்குவதில் தயக்கம் வேண்டாம். தூங்குகிற 3,800 பேரைத்தான் முதலாளியால் விட முடியாது. “இத்தனை பேரையா விடறது?” என்பார். அவர்களுக்குத் தீபாவளிக் கடிதம் அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுப்ப வேண்டுமென்றால் அதற்கான காலம் வேறு. பண்டிகை இல்லாத ஒரு மாதத்தில், ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு பேராக, “எங்கள் கடிதங்கள் தொடர்ந்து வரட்டுமா?” என்று மட்டும் கேட்டு எழுதலாம். பதில் இல்லாதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். 24 புகார்களில் பெரும்பங்கு இந்தக் கூட்டத்திலிருந்துதான் வரும் என்பதை நினைவில் வைத்தால் மனம் தேறும்.

மீதி 3,600 பேருக்கு ஒரே நாளில் ஒரே கடிதம் போகக்கூடாது. இங்கே நாள்கணக்குதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெளிநாட்டுக்காரர்களுக்கு செப்டம்பர் கடைசிக்குள் கடிதம் போயாக வேண்டும். பார்சல் கிளம்பக் கடைசித் தேதி என்ன என்பது தள்ளுபடி எண்ணைவிடப் பெரிய எழுத்தில் இருக்கவேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு வேறொரு கெடு உண்டு. புடவை வாங்கினால் போதாது, ரவிக்கை தைக்க வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே தையல்காரர்கள் புதுத் துணி வாங்க மறுக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் புடவைக் கடிதம் அக்டோபர் முதல் வாரத்தில் போகட்டும். கடைசி வாரத்தில் அனுப்புகிற கடிதத்தில் புடவையைக் காட்டிப் பயனில்லை. தைத்த ரவிக்கை, வேட்டி, பரிசுக் கூப்பன் ஆகியவைதான் அப்போது விலைபோகும். அந்தக் கடைசிக் கடிதம் யாருக்கு? முந்தைய வருடங்களில் தீபாவளிக்கு முந்தின பத்து நாட்களில் மட்டும் பில் போட்டவர்களுக்கு. அவர்களில் பலர் போனஸ் கைக்கு வந்தபிறகு வாங்குகிறவர்களாக இருக்கலாம். செப்டம்பரில் அவர்களுக்கு அனுப்புகிற கடிதம் வீண்.

கல்யாணப் பட்டு எடுத்த 400 பேரிடம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் நடுவில் முகூர்த்தப் புடவை எடுத்த வீட்டில் இந்த வருடம் தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, பெண்ணுக்குப் புடவை என்று வாங்கியே ஆகவேண்டிய செலவு அது. கடைக்கு இதைவிட நல்ல குழு கிடையாது. ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறது? கூறைப் புடவையைப் பல வீடுகளில் மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். தலைதீபாவளிச் செலவு பெண் வீட்டாருடையது. ஆக, கையில் இருக்கும் முகவரி மாப்பிள்ளையின் அம்மாவுடையதாக இருக்கக்கூடும். “உங்கள் மகளின் தலைதீபாவளிக்கு” என்று அவருக்கு எழுதினால் கடிதம் தடம்மாறிவிடும். இரண்டு வீட்டுக்கும் பொருந்தும்படி “புதுத் தம்பதிக்குத் தலைதீபாவளி வேட்டி, புடவை செட்” என்று எழுதுவது பாதுகாப்பு.

பட்டுப் புடவை வாங்கியவர் வீட்டில்தான் கல்யாணம் என்றும் சொல்ல முடியாது. அத்தை முறைக்குச் சீர் செய்ய வாங்கியிருக்கலாம், அறுபதாம் கல்யாணமாக இருக்கலாம். ஊகிப்பதைவிடக் கேட்பது நல்லது. பில் போடும்போது “என்ன விசேஷம்மா?” என்று நம் கடைகளில் எப்படியும் கேட்கிறார்கள். அந்தப் பதில் காற்றோடு போய்விடுகிறது. பில் மென்பொருளில் கல்யாணம், பண்டிகை, பரிசு, சொந்த உபயோகம் என்று நாலு விருப்பங்கள் கொண்ட ஒரு கட்டத்தைச் சேர்த்து, அங்கேயே குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும். அடுத்த வருடம் ஊகத்துக்கு வேலையில்லை. இப்படிக் குறித்துக்கொள்வதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக விவரம் வாங்கப்பட்டதோ அதற்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது. பில் அனுப்ப வாங்கிய முகவரிக்கு விளம்பரம் அனுப்பலாமா என்பதைத் தனியாகக் கேட்டு வாங்குவதுதான் முறை.

பெயரைப் பார்த்து மதத்தை ஊகித்துப் பிரிப்பதும் நடக்கிறது. முஸ்லிம் பெயரா, தீபாவளிப் பட்டியலிலிருந்து எடு. கிறிஸ்தவப் பெயரா, டிசம்பருக்கு வை என்று. இது மரியாதைக் குறைவு, வியாபாரத்துக்கும் நஷ்டம். தன் கம்பெனி ஊழியர்களுக்கு வருடா வருடம் தீபாவளிக்கு நாற்பது புடவை எடுக்கும் முதலாளியின் பெயர் எதுவாகவும் இருக்கலாம். அவர் எந்தப் பண்டிகைக்கு முன்னால் வாங்குகிறார் என்பதை அவருடைய பில் தேதிகளே சொல்கின்றன. ஒரு பில்லில் நாற்பது புடவை என்பதே அவரைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறது. அவருக்கு வேண்டியது தள்ளுபடிக் கடிதமல்ல, மொத்த விலை சொல்லும் ஒரு போன்.

அடுத்து, வருடம் முழுக்க வரும் 1,200 பேர். இவர்களுக்குத்தான் பெரிய தள்ளுபடி தரவேண்டும் என்று தோன்றும். தருவதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். 1,200 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரியுங்கள். 600 பேருக்கு 15 சதவீதத் தள்ளுபடி. மற்ற 600 பேருக்குத் தள்ளுபடியில்லை. “புதுச் சரக்கு வந்திருக்கிறது, மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்னதாக நீங்கள் பார்க்கலாம்” என்ற கடிதம்.

தள்ளுபடிக் குழுவில் 72 பேரும், தள்ளுபடியில்லாத குழுவில் 66 பேரும் வாங்கினார்கள் என்று கொள்வோம். ‘தள்ளுபடி வேலை செய்கிறது, ஆறு பேர் கூடுதல்’ என்று முதலாளி மகிழ்வார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரிப் பில் 4,000 ரூபாய், அதில் கடைக்கு அடக்கவிலை 2,600. தள்ளுபடி இல்லாதபோது ஒரு பில்லுக்கு லாபம் 1,400. 66 பேருக்கு 92,400 ரூபாய். தள்ளுபடியில் பில் 3,400 ஆகிறது, லாபம் 800. 72 பேருக்கு 57,600 ரூபாய். ஆறு பேரைக் கூடுதலாக வரவழைக்க 34,800 ரூபாய் கைவிட்டிருக்கிறார். எப்படியும் வரப்போகிறவர்களுக்கு வழியில் நின்று பணம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. 66-க்கும் 72-க்கும் உள்ள இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம். அந்த ஆறு பேருக்காகத் தள்ளுபடியை நியாயப்படுத்த முடியாது என்பதற்கு அது இன்னொரு காரணம்.

தள்ளுபடியால் அசைகிறவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். தீபாவளிக்கு மட்டும் வரும் 1,500 பேரில், 2023-லும் 2024-லும் வந்து, 2025-இல் வராமல் போனவர்கள் இருப்பார்கள் அல்லவா? அவர்கள் எங்கேயோ புடவை எடுத்திருக்கிறார்கள், இங்கே எடுக்கவில்லை. இருபது சதவீதத்தை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்களிலும் ஒரு பாதிக்குத் தராமல் ஒப்பிட்டுப் பாருங்கள். திரும்பி வந்தவர் தள்ளுபடிக்காக வந்தாரா என்று அப்போதுதான் தெரியும்.

இந்தச் சோதனையைக் கெடுப்பது கூப்பன் குறியீடு. எல்லோருக்கும் பொதுவான ஒரு குறியீட்டைக் கொடுத்தால், அன்று மாலைக்குள் அது குடும்ப வாட்ஸாப் குழுவில் சுற்ற ஆரம்பித்துவிடும். தள்ளுபடி தராத குழுவில் இருப்பவரும் அதே தள்ளுபடியில் வாங்குவார், கணக்கு குழம்பிவிடும். ஒருவருக்கு ஒன்று, ஒரு தடவை மட்டும் செல்லும் குறியீடுதான் இதற்கு வழி. அனேகமாக எல்லா ஆன்லைன் கடை மென்பொருளிலும் அந்த வசதி இருக்கிறது.

ஒருவர் இரண்டு குழுவில் விழுவதும் நடக்கும். துபாயில் இருக்கும் பெண், கல்யாணத்துக்கும் பட்டு எடுத்திருப்பார், வருடத்துக்கு நாலு தடவையும் வாங்குவார். மூன்று கடிதம் போனால் அவர் மூன்று விதமான விலையைப் பார்ப்பார். அதனால் குழுக்களுக்கு ஒரு வரிசை வேண்டும்: முதலில் வெளிநாடு, பிறகு கல்யாணம், பிறகு வருடம் முழுக்க வருபவர், கடைசியில் தீபாவளிக்கு மட்டும் வருபவர். முதலில் எதில் பொருந்துகிறாரோ அதிலேயே நிறுத்திவிட வேண்டும். எல்லாக் குழுவுக்கும் மேலே ஒரு விதி: கடந்த பதினைந்து நாளில் பில் போட்டவருக்கு எந்தத் தள்ளுபடிக் கடிதமும் கிடையாது. கடைக் கவுண்டரின் பில்கள் அன்றன்றே மின்னஞ்சல் பட்டியலில் ஏறினால்தான் இந்த விதி நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் கடைகளில்தான் முழு விலை கொடுத்தவர் மறுநாள் தள்ளுபடிக் கடிதம் பெறுகிறார்.

பில் புத்தகத்துக்கும் தெரியாத ஒரு குழு இருக்கிறது. அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்தவர்கள். நம் வழக்கத்தில் அவர்களுக்கு அந்த ஆண்டு பண்டிகை இல்லை. “இந்தத் தீபாவளியை அப்பாவோடு கொண்டாடுங்கள்” என்று ஒரு கடிதம் அந்த வீட்டில் போய் இறங்குவதைக் கடை தடுக்க முடியாதா? முடியும். இங்கிலாந்தில் பூ அனுப்பும் நிறுவனமான ப்ளூம் அண்ட் வைல்டு, 2019-இல் அன்னையர் தினத்துக்கு முன்பு தன் வாடிக்கையாளர்களிடம், இந்தத் தினம் பற்றிய கடிதங்கள் மட்டும் வேண்டாம் என்றால் சொல்லிவிடலாம் என்று எழுதிக் கேட்டது. பல நிறுவனங்கள் அதைப் பின்பற்றத் தொடங்கின. நம் கடையும் செப்டம்பரில் நான்கு வரியில் எழுதலாம்: “வணக்கம். அடுத்த சில வாரங்களில் தீபாவளிச் சரக்கு பற்றி எழுதப்போகிறோம். இந்த ஆண்டு உங்கள் வீட்டில் பண்டிகை இல்லையென்றால் கீழே ஒரு தடவை தொடுங்கள். தை மாதம்வரை எழுதமாட்டோம்.” காரணம் கேட்கவேண்டாம். தொட்டவரின் பெயரைப் பட்டியலிலிருந்து அழிக்கவும் கூடாது. ஒரு தேதி மட்டும் குறித்து, அதுவரை நிறுத்திவைக்க வேண்டும். இந்த வாய்ப்பு இல்லாத இடத்தில் அவருக்கு மிஞ்சுவது ‘ஸ்பாம்’ பொத்தானும், மொத்தமாக விலகும் பொத்தானும்தான். இரண்டிலும் கடை அவரை நிரந்தரமாக இழக்கிறது.

தீபாவளி முடிந்த வாரத்தில் எண்களை எடுத்து வைத்துப் பார்க்கும்போது, மொத்தம் எத்தனை பேர் கடிதத்தைத் திறந்தார்கள் என்பதை ஒதுக்கிவிடுங்கள். ஒவ்வொரு குழுவிலும் ஆயிரம் கடிதத்துக்கு எவ்வளவு லாபம், எத்தனை விலகல், எத்தனை புகார் என்ற மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதினால் போதும். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவசத் தளம், போதிய அளவு கடிதம் அனுப்புகிறவர்களுக்குப் புகார் விகிதத்தைக் காட்டும். ஒரு குழுவில் லாபம் சுமாராகவும் விலகல் அதிகமாகவும் இருந்தால், அந்தக் குழுவுக்கு நாள் தவறாகப் போயிருக்கலாம், அல்லது அதில் இரண்டு வேறு வகை மனிதர்கள் கலந்திருக்கலாம். அதை உடைத்துப் பார்க்கலாம். அதற்காகக் குழுக்களை இருபது முப்பதாகப் பெருக்கிக்கொண்டு போகவேண்டாம். அறுபது பேர் உள்ள குழுவில் மூன்று பேர் வாங்கினால் அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது, எழுதுகிறவருக்கும் முப்பது விதமான கடிதம் எழுதி மாளாது. ஒரு கடைக்கு ஐந்தாறு குழு போதும். தாளில் எழுதிய மூன்று எண்களை அடுத்த பண்டிகைக்கு, அதாவது பொங்கலுக்கு, டிசம்பர் நடுவில் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுப் பட்டியலைத் தொடுங்கள்.